பெட்டியில் இரண்டு பேண்டு, இரண்டு கிளட்ச், கியர் மூன்று: டார்க்ஃபிளைட் 904-ல் யார் எப்போது பிடிக்கிறார்கள்?

ராணிப்பேட்டை கராஜ்

வணக்கம். 1960-களின் அமெரிக்க கார் ஒன்றிலிருந்து இறக்கிய டார்க்ஃபிளைட் 904 பெட்டி மேசை மேல் இருக்கிறது. ஆயில் பேனைக் கழற்றியாயிற்று, வால்வு பாடி இன்னும் அதன் இடத்தில்தான். இதே மாதிரி முழுக்கப் பிரித்த இன்னொரு பெட்டியும் பக்கத்தில் இருப்பதால் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. முன்னால் ஒரு கிளட்ச் டிரம், அதன் பின்னால் இன்னொன்று. முன் டிரம் மேல் ஒரு பேண்டு, பின்பக்கம் வேறொரு டிரம் மேல் இன்னொரு பேண்டு. பிளானட்டரி செட் இரண்டு, ஆனால் இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரே சன் கியர். கடைசியில் ரோலர் வைத்த ஒன்வே கிளட்ச் ஒன்று.

இதில் எந்தக் கியருக்கு எது பிடிக்கிறது என்று முழுதாக மனதில் உட்கார மாட்டேன் என்கிறது. வண்டியில் இருந்தபோது கோளாறு இது: 1, 2 நன்றாக விழுந்தது. 2-லிருந்து 3 விழும்போது மட்டும் எஞ்சின் ஒரு நொடி உறுமி, பிறகு பிடித்தது. ரிவர்ஸ் நன்றாக இருந்தது. முன் பேண்டை இறுக்கினால் போதுமா, டிரம்மைப் பிரிக்க வேண்டுமா?

குடியாத்தம் சர்வீஸ்

அண்ணா, இது சுலபம். பேண்டு பிடித்தால் வேகம் குறையும், கிளட்ச் பிடித்தால் நேர் கியர். ஒவ்வொரு குறைப்புக்கும் ஒரு பிளானட்டரி செட். பின் பேண்டு பின் செட்டைப் பிடித்தால் ஃபர்ஸ்ட், முன் பேண்டு முன் செட்டைப் பிடித்தால் செகண்ட், கிளட்ச் விழுந்தால் தேர்டு. 2-3-ல உறுமுதுன்னா முன் பேண்டு லூஸ். வெளியிலிருந்தே ஸ்க்ரூவை இறுக்கிட்டு வண்டியில ஏத்துங்க.

ஆம்பூர் ரைடர்

எனக்கும் இதே உறுமல்தான். என் வண்டி ஏஎம்டி, 2-லிருந்து 3 மாறும்போது ஒரு தடவை தலை ஆட்டுகிறது. பேண்டை எங்கே இறுக்குவது? ஸ்க்ரூ பெட்டியின் எந்தப் பக்கம் இருக்கும்?

சத்துவாச்சாரி டிரான்ஸ்மிஷன்

ஆம்பூர் தம்பி, உங்கள் வண்டியில் பேண்டே கிடையாது. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் பெட்டிதான், கிளட்சையும் கியர் லிவரையும் மோட்டார் இயக்குகிறது. மாறும் நேரத்தில் கிளட்ச் விடுபட்டே ஆக வேண்டும், அந்தத் தலையாட்டல் அதனால் வருவது. அதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே பேசுவது உங்களுக்கு உதவாது.

குடியாத்தம் சொன்னதில் பாதி சரி. முன் பேண்டு பிடித்தால் செகண்ட் என்பது சரி. ஆனால் "ஒரு குறைப்புக்கு ஒரு செட்" என்று பிடித்துக்கொண்டால் ஃபர்ஸ்ட் புரியாது, ரிவர்ஸும் புரியாது. கோளாறு பார்க்கவும் முடியாது.

முதலில் எது எதோடு நிரந்தரமாகக் கோர்த்திருக்கிறது என்று பிரித்து வைத்த பெட்டியில் கையால் சுற்றிப் பாருங்கள். முன் செட்டின் கேரியரும் பின் செட்டின் ரிங் கியரும் வெளியே போகும் ஷாஃப்டோடு கோர்த்தவை. எந்தக் கியரிலும் அவை இரண்டும் சேர்ந்தே சுற்றும். சன் கியர் இரண்டு செட்டுக்கும் பொது. அதிலிருந்து மணி மாதிரி ஒரு தகட்டு ஓடு முன்னால் வந்து, முன் கிளட்ச் டிரம்மில் மாட்டுகிறது. ஆகவே முன் டிரம்மைத் தொட்டால் சன் கியரைத் தொட்டது போல. பின் செட்டின் கேரியர் பின் டிரம்மோடு சேர்ந்தது. பின் பேண்டு அதன் மேல்தான், ஒன்வே கிளட்சும் அதற்குத்தான்.

எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் சுழற்சிக்கு உள்ளே போக இரண்டே வாசல். பின் கிளட்ச் பிடித்தால் முன் செட்டின் ரிங் கியருக்குப் போகும். முன் கிளட்ச் பிடித்தால் சன் கியருக்குப் போகும். பேண்டு இரண்டும் எதையும் சுற்றுவதில்லை, சுற்றாமல் நிறுத்துவது மட்டுமே அவற்றின் வேலை.

செகண்டிலிருந்து ஆரம்பித்தால் எளிது. பின் கிளட்ச் பிடித்திருக்கிறது, ரிங் கியர் எஞ்சினோடு சுற்றுகிறது. முன் பேண்டு டிரம்மை இறுக்கிப் பிடித்ததால் சன் நின்றுவிட்டது. பிளானட் கியர்கள் நிற்கும் சன்னின் மேல் உருண்டுகொண்டே கேரியரை இழுத்துப் போகின்றன. ரிங் கியரில் 62 பல், சன்னில் 28 பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால்:

```
2: 1 + 28/62 = 1.45
```

இங்கே பின் செட் வேலையே செய்யவில்லை, சும்மா கூடச் சுற்றுகிறது.

ஃபர்ஸ்டில் இரண்டு செட்டும் சேர்ந்து உழைக்கின்றன. அதே பின் கிளட்ச், அதே ரிங் கியர் வழியாகத்தான் வருகிறது. ஆனால் சன்னை யாரும் பிடிக்கவில்லை. வண்டியின் பாரம் முன் கேரியரைத் தடுப்பதால் சன் பின்னோக்கிச் சுற்ற ஆரம்பிக்கும். அந்தப் பின்னோக்கிய சுழற்சி பின் செட்டுக்குப் போகிறது. அங்கே கேரியர் நின்றிருப்பதால் பிளானட் கியர்கள் நடுவில் நின்று திசையைத் திருப்பிவிடுகின்றன, பின் ரிங் கியர் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. எஞ்சின் தரும் முறுக்குவிசையை 1 என்று வைத்தால், வெளி ஷாஃப்டுக்கு முன் செட் 1.45 பங்கு தருகிறது, பின் செட் 1 பங்கு தருகிறது.

```
1: 2 + 28/62 = 2.45
```

தேர்டில் இரண்டு கிளட்சும் பிடிக்கின்றன. ரிங்கும் சன்னும் ஒரே வேகத்தில் சுற்றினால் நடுவில் மாட்டிய பிளானட் கியருக்கு உருள இடமில்லை. மொத்தமும் ஒரே கட்டியாகச் சுற்றும், 1-க்கு 1.

ரிவர்ஸில் முன் கிளட்ச் மட்டும். சன் எஞ்சினோடு முன்னோக்கிச் சுற்றுகிறது, பின் கேரியரைப் பின் பேண்டு பிடிக்கிறது, பின் ரிங் எதிர்த்திசையில் போகிறது. 62-ஐ 28-ஆல் வகுத்தால் 2.21. ஒரே பல்லமைப்பு, நான்கு விடை. ஹோவர்ட் சிம்ப்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் அமைப்பு இது, அவர் பெயரில்தான் இன்றும் சொல்கிறார்கள்.

குடியாத்தம் சர்வீஸ்

சரிண்ணா, ஃபர்ஸ்ட்ல ரெண்டு செட்டும் வேலை செய்யுதுங்கறதை ஏத்துக்கறேன். ஆனா ஃபர்ஸ்டுக்குப் பின் பேண்டுதானே கேரியரைப் பிடிக்குது? நான் சொன்னதுல அது தப்பில்லையே.

சத்துவாச்சாரி டிரான்ஸ்மிஷன்

லிவரை 1-ல் வைத்தால் மட்டும் சரி. டி-யில் போகும்போது ஃபர்ஸ்டில் பின் பேண்டு தொடுவதே இல்லை. கேரியரைப் பிடிப்பது ஒன்வே கிளட்ச்.

ஃபர்ஸ்டில் எஞ்சின் இழுக்கும்போது பின் கேரியர் பின்னோக்கிச் சுழலப் பார்க்கும். அந்தத் திசையில் ரோலர்கள் சரிவில் ஏறிச் சிக்கி நிறுத்திவிடும். செகண்ட் விழுந்ததும் கேரியர் முன்னோக்கிச் சுற்ற ஆரம்பிக்கிறது, ரோலர் தானாக விட்டுவிடும். அதனால் 1-லிருந்து 2 போக முன் பேண்டைப் பிடித்தால் மட்டும் போதும். எதையும் நேரம் பார்த்து விடுவிக்க வேண்டியதில்லை. 1-2 மாற்றத்தில் உறுமல் வருவது குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த ரோலர் ரிவர்ஸுக்கு உதவாது. ரிவர்ஸில் பின் கேரியருக்கு வரும் விசை முன்னோக்கி இருக்கும், அந்தப் பக்கம் ரோலர் பிடிக்காது. பேண்டு பிடித்தால்தான் ரிவர்ஸ். அளவையும் பாருங்கள். பெட்டிக்குள் 200 நியூட்டன் மீட்டர் வருகிறது என்றால், செகண்டில் முன் பேண்டு தாங்க வேண்டியது சுமார் 90. ரிவர்ஸில் பின் பேண்டு தாங்க வேண்டியது சுமார் 640. ரிவர்ஸ் போட்டதும் பெட்டிக்குள் ஆயில் அழுத்தம் முன்னோக்கிய கியர்களில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே ஏறும்படி வைத்திருப்பது இதற்காகத்தான்.

திருப்பத்தூர் மலைப்பாதை

நடுவில் ஒரு கேள்வி. ஏலகிரியில் இறங்கும்போது இந்த மாதிரிப் பழைய 3 கியர் ஆட்டோமேட்டிக்கை டி-யிலேயே விட்டால், வேகம் குறைந்து ஃபர்ஸ்டுக்கு வந்த பிறகும் எஞ்சின் பிடிக்காமல் வண்டி ஓடுகிறது. பெட்டி தேய்ந்துவிட்டது என்று ஒரு மெக்கானிக் சொன்னார். அதுதான் காரணமா?

சத்துவாச்சாரி டிரான்ஸ்மிஷன்

இல்லை, அதன் சுபாவமே அது. இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைச் சுற்றப் பார்க்கும்போது பின் கேரியரின் விசை திசை மாறிவிடுகிறது, ரோலர் விட்டுவிடுகிறது. சைக்கிளில் மிதிக்காமல் இறங்குவது போல. லிவரை 1-க்குக் கொண்டுவந்தால் பின் பேண்டு வந்து கேரியரை இரண்டு திசையிலும் பிடிக்கும், அப்போது எஞ்சின் பிரேக் கிடைக்கும். செகண்டில் சன்னைப் பிடிப்பது பேண்டு என்பதால் 2-ல் வைத்தாலே எஞ்சின் பிரேக் உண்டு. அந்தப் 14 கொண்டை ஊசி வளைவுக்கும் 2-ல் இறங்குங்கள், மிகச் செங்குத்தான இடத்தில் வேகம் நன்றாகக் குறைந்த பிறகு 1.

லிவர் 1-ல் இருந்தும் எஞ்சின் பிரேக் இல்லை, ரிவர்ஸும் வழுக்குகிறது என்றால்தான் பின் பேண்டைச் சந்தேகிக்க வேண்டும்.

காட்பாடி லேத்

ராணிப்பேட்டை, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2-3-ல்தான் இந்தப் பெட்டியின் மிகச் சிக்கலான மாற்றம் நடக்கிறது. இங்கே ஒன்று விட வேண்டும், ஒன்று பிடிக்க வேண்டும். முன் பேண்டு டிரம்மை விடுகிறது, அதே டிரம்முக்குள் இருக்கும் முன் கிளட்ச் பிடிக்கிறது. முன் கிளட்சுக்குப் போகும் அதே ஆயில்தான் ஒரு கிளையாகப் பிரிந்து பேண்டு சர்வோவின் மறுபக்கத்துக்கும் போய், பிஸ்டனைத் திருப்பித் தள்ளிப் பேண்டை விடுவிக்கிறது. இரண்டு வேலைக்கும் அழுத்தம் ஒன்றே.

பேண்டு முந்திக்கொண்டு விட்டு, கிளட்ச் தாமதமாகப் பிடித்தால் நடுவில் சன்னைப் பிடிக்க ஆள் இல்லை. சன் பின்னோக்கி ஓட ஆரம்பிக்கும், ரோலர் சிக்கும் வரை பெட்டி ஃபர்ஸ்டை நோக்கி விழும். வெளி ஷாஃப்டு 1200 ஆர்பிஎம்மில் இருக்கிறது என்று வையுங்கள். டார்க் கன்வெர்ட்டரின் வழுக்கலை விட்டுவிட்டால் செகண்டில் பெட்டிக்குள் நுழையும் வேகம் 1740. தேர்டு விழுந்தால் 1200-க்கு இறங்க வேண்டும். நடுவில் யாரும் பிடிக்காவிட்டால் 2940-ஐ நோக்கி ஏறும். நீங்கள் கேட்ட உறுமல் அந்த ஏற்றம்தான்.

கிளட்ச் முந்தி, பேண்டு விடாமல் இருந்தால் நேர் எதிர். கார் ஒரு நொடி பிரேக் போட்டது போல் குலுங்கும். குடியாத்தம் சொல்வது போல் கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரூவை இறுக்கினால் உறுமல் போய்க் குலுக்கல் வரும். பேண்டும் கருகும்.

குடியாத்தம் சர்வீஸ்

கண்ணை மூடிக்கினு இறுக்கச் சொல்லலண்ணா, அளவோடதான். லூஸ் பேண்டு சீக்கிரம் விட்டுடும், அதனால உறுமல் வரும்னு நீங்களே இப்ப சொல்லிட்டீங்க. ரிவர்ஸ் நல்லா இருக்குதுன்னா முன் கிளட்ச் நல்லா இருக்குதுன்னுதானே அர்த்தம்? ரெண்டுக்கும் ஒரே கிளட்ச். அப்ப மிச்சம் பேண்டு மட்டும்தான்.

சத்துவாச்சாரி டிரான்ஸ்மிஷன்

நல்ல வாதம், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. ரிவர்ஸில் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் என்றேன் அல்லவா? பிஸ்டன் சீல் கொஞ்சம் கசிந்தாலும் அந்த அழுத்தத்தில் கிளட்ச் பிடித்துவிடும். தேர்டில் குறைந்த அழுத்தம், அங்கேதான் கசிவு வெளியே தெரியும். ரிவர்ஸும் தேர்டும் இரண்டுமே இல்லை என்றால் முன் கிளட்ச் போய்விட்டது என்று அடித்துச் சொல்லலாம். ரிவர்ஸ் இருப்பதை வைத்து முன் கிளட்ச் நல்லது என்று சொல்ல முடியாது.

இன்னொரு துப்பும் உண்டு. பேண்டு உண்மையிலேயே தளர்ந்திருந்தால் 1-2 விழும்போதே தாமதமோ வழுக்கலோ தெரிய வேண்டும். 3000 ஆர்பிஎம்மில் 1-2 மாறும்போது அந்த டிரம் சுமார் 2700 வேகத்தில் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும், பேண்டு அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தப் பரீட்சையில் தேறிய பேண்டை முதல் குற்றவாளி ஆக்க எனக்கு மனமில்லை.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் காசில்லாத வேலை: திராட்டிலிலிருந்து பெட்டிக்கு வரும் லிங்கேஜ் சரியான நீளத்தில் இருந்ததா என்று பாருங்கள். அது குறைவாக இழுத்தால் அழுத்தம் ஏறாது, நல்ல கிளட்சே வழுக்கும். அதைக் கழற்றி விட்டு ஓட்டியே கருகிப்போன பெட்டிகள் உண்டு.

அடுத்து முன் பேண்டு. ஸ்க்ரூ பெட்டியின் இடப்பக்கம் வெளியே இருக்கிறது. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூ கையால் லேசாகச் சுற்றுகிறதா பாருங்கள். பிறகு 72 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 8 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, அங்கிருந்து 2 சுற்று பின்னால் திருப்புங்கள். ஸ்க்ரூ நகராமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் கால் சுற்று இழக்கிறார்கள்.

பிறகு வால்வு பாடியை இறக்கி, உலர்ந்த சுத்தமான காற்றைச் சுமார் 30 பிஎஸ்ஐ-யில் முன் கிளட்ச் துவாரத்தில் விடுங்கள். டிரம் மேல் கை வைத்தால் "டொப்" என்று ஓர் அடி தெரிய வேண்டும். அடி மந்தமாகி "உஸ்" என்று தொடர்ந்து சத்தம் வந்தால் சீல். அடுத்து சர்வோவின் துவாரத்தில் காற்று விட்டால் பேண்டு இறுகுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

காட்பாடி லேத்

2 சுற்று என்பதை எல்லா டார்க்ஃபிளைட்டுக்கும் வேதமாக எடுக்காதீர்கள். எஞ்சினையும் ஆண்டையும் பொறுத்து இந்த எண் மாறும். பேண்டை அழுத்தும் லிவரின் நெம்பு விகிதமும் ஒன்றல்ல. உங்கள் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணை வைத்து அதற்கான மேனுவலைப் பாருங்கள். பின் பேண்டின் ஸ்க்ரூ பேனுக்கு உள்ளே இருக்கிறது, அதன் எண் முற்றிலும் வேறு. முன் பேண்டின் கணக்கை அங்கே போட்டுவிடாதீர்கள்.

ராணிப்பேட்டை கராஜ்

காற்று விட்டுப் பார்த்தேன். சர்வோ நன்றாக இழுக்கிறது. முன் கிளட்சில் அடியே மந்தம், "உஸ்" நிற்கவில்லை. டிரம்மைப் பிரித்ததில் பிஸ்டனின் வெளி சீல் மரக்கட்டை மாதிரி கெட்டிப்பட்டு, விரலால் மடக்கினால் கீறல் விடுகிறது. ஃப்ரிக்ஷன் பிளேட் கறுத்திருக்கிறது. ஸ்டீல் பிளேட் இரண்டில் நீலம் பாய்ந்த புள்ளிகள். பேண்டின் லைனிங் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்க்ரூவையும் அளந்தேன், முன்பு சுமார் 2¾ சுற்றில் இருந்தது.

சத்துவாச்சாரி டிரான்ஸ்மிஷன்

அப்படியானால் இரண்டும் சேர்ந்திருக்கிறது. முக்கால் சுற்று தளர்வு பேண்டைக் கொஞ்சம் முன்னதாக விடச் செய்திருக்கும், சீல் கசிவு கிளட்சைத் தாமதப்படுத்தியிருக்கும். சீல் எல்லாம் புதிது போடுங்கள், இரண்டு சீலின் உதடும் அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் தேர்டே வராது. நீலம் பாய்ந்த ஸ்டீல் பிளேட் வேண்டாம். புது ஃப்ரிக்ஷன் பிளேட்டை ஏடிஎஃப்-ல் அரை மணி நேரமாவது ஊற வையுங்கள். அடுக்கிய பிறகு ஸ்நாப் ரிங்குக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி அளந்து, மேனுவலில் உள்ள எல்லைக்குள் வருகிறதா பாருங்கள்.

ஏற்றிய பிறகு ஆயில் அளவை நியூட்ரலில், எஞ்சின் ஓடும்போது, சூடான நிலையில் பாருங்கள். இந்தப் பழைய பெட்டியில் பார்க்கில் வைத்தால் கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது, குச்சி தவறான அளவு காட்டும்.

வாணியம்பாடி ஓல்டு கார்

நானும் ஒன்று சேர்க்கிறேன். ஒன்வே கிளட்சை மறந்துவிடாதீர்கள். டி-யில் ஃபர்ஸ்டில் வழுக்குகிறது, லிவர் 1-ல் பிடிக்கிறது என்றால் ரோலர் போய்விட்டது. அந்த நிலையில் ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சோதிக்கவே கூடாது. வண்டி நின்றிருக்க, பின் கேரியருக்குப் பிடி இல்லாவிட்டால் சன்னும் முன் டிரம்மும் எஞ்சினைவிட 2.2 மடங்கு வேகத்தில் பின்னோக்கிச் சுற்றும். எஞ்சின் 5000 என்றால் டிரம் 11,000. பெரிய 727 பெட்டியில் இப்படி டிரம் வெடித்துப் பெட்டியையே பிளந்ததுண்டு. ரோலர், ஸ்ப்ரிங், அதன் வெளிவளையம் மூன்றையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

ராணிப்பேட்டை கராஜ்

ரோலர், ஸ்ப்ரிங் நன்றாக இருக்கின்றன. ஒரே சந்தேகம். முன் டிரம்மில் பேண்டு உட்காரும் இடத்தில் நகத்தில் தட்டுகிற அளவு இரண்டு கோடுகள். லேத்தில் போட்டு லேசாகக் கடையலாமா, அப்படியே விடலாமா?

காட்பாடி லேத்

நகத்தில் தட்டினால் கடைந்துவிடலாம், ஆனால் மிகக் குறைவாக. கடைந்த பிறகு மினுக்காமல் விடுங்கள், மெல்லிய எமரித் தாளால் ஒரே திசையில் தேய்த்தால் போதும். கண்ணாடி மாதிரி மினுக்கினால் புது பேண்டு பிடிக்கத் தாமதிக்கும்.

சத்துவாச்சாரி டிரான்ஸ்மிஷன்

நான் கடைய மாட்டேன். டிரம்மின் விட்டம் குறைந்தால் பேண்டின் வளைவோடு ஒட்டாது, நடுவில் மட்டும் தொடும், முனைகள் தொடாது. வேறு நல்ல டிரம் கிடைக்குமானால் அதுதான். பக்கத்தில் பிரித்து வைத்த பெட்டியின் டிரம் எப்படி இருக்கிறது?

ராணிப்பேட்டை கராஜ்

அதில் கோடு இல்லை. ஆனால் கிளட்ச் பிளேட் எண்ணிக்கை ஒன்று குறைவு, பள்ளத்தின் ஆழமும் வேறாகத் தெரிகிறது. நாளை இரண்டையும் அளந்து எழுதுகிறேன்.